நிறுத்திய பிறகும் ஓடிய விளம்பரம்: கடலூர் பயிற்சி மையம் ஒன்றின் கணக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சிறிய பயிற்சி மையம். ஆண்டு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன். கோடை விடுமுறையில் ஓவியம், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி என்று ஒரு முகாம். அந்த முகாமுக்கு ஆள் சேர்க்க ஏப்ரல் 1 அன்று கூகுளில் விளம்பரம் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு ₹500 என்பது பேச்சு. ஏப்ரல் 18 அன்று இடங்கள் நிரம்பிவிட்டன. விளம்பரத்தைப் பார்த்துக்கொண்ட இளைஞர் அன்றிரவே அதை நிறுத்தி, திரையைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டார். படத்தில் `Paused` என்று தெளிவாக இருக்கிறது. ஜூன் 3 அன்று அந்தக் கணக்கை நான் பார்த்தபோது, நிறுத்திய நாளுக்குப் பிறகு மட்டும் நான்கு முறை கார்டில் பணம் பிடிக்கப்பட்டிருந்தது. மொத்தம் ₹16,030.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர் உண்மையாகவே நிறுத்தியிருந்தார். கூகுள் பிடித்த பணத்திலும் கணக்குப் பிழை இல்லை. அப்படியிருந்தும் பணம் போனது எப்படி என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

கீழே வரும் தொகைகள் வரி நீங்கலானவை. பத்து ரூபாய்க்கு முழுமையாக்கியிருக்கிறேன். 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

முதல் ஐயாயிரம்

உரிமையாளரைத் திடுக்கிட வைத்தது ஏப்ரல் 19 அன்று பிடிக்கப்பட்ட ₹5,000. நேற்று இரவு நிறுத்திய விளம்பரத்துக்கு இன்று எப்படி ஐயாயிரம் என்று அவர் கேட்டார். "சார், அது பழைய பாக்கி. ஓடி முடிந்ததற்குத்தான் பிடித்திருக்கிறார்கள்" என்றார் இளைஞர். அந்தப் பதில் ஏறக்குறைய முழு உண்மை.

தானியங்கிக் கட்டண முறையில் கூகுள் முதலில் விளம்பரத்தை ஓட்டுகிறது, பிறகு பணம் பிடிக்கிறது. எப்போது பிடிக்கும் என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. சேர்ந்த பாக்கி ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தொட்டால் பிடிக்கும். தொடாவிட்டால் மாதத்தின் முதல் தேதியில் பிடிக்கும். இவற்றில் எது முந்துகிறதோ அது. வரம்பு கணக்குக்குக் கணக்கு வேறுபடும், நாளடைவில் உயரவும் செய்யும். இந்தக் கணக்கில் அப்போது அது ₹5,000. ஏப்ரல் 18 இரவு வரை கணக்கில் ஆன மொத்தச் செலவு ₹14,750. அதில் இரண்டு தவணையாக ₹10,000 முன்பே பிடிக்கப்பட்டுவிட்டது. ஆக, நிறுத்திய நேரத்தில் நின்ற பாக்கி ₹4,750. மறுநாள் இன்னும் ₹250 செலவானதும் பாக்கி வரம்பைத் தொட்டது, ஐயாயிரமும் பிடிக்கப்பட்டது.

நிறுத்திய மறுநாள் அந்த ₹250 எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. ஐயாயிரத்தில் நான்காயிரத்து எழுநூற்று ஐம்பது பழைய பாக்கி என்னும்போது, மீதியைக் கிளறிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? மே 1 அன்று ₹2,640 பிடிக்கப்பட்டபோதும் அதே பதில்தான் நினைவுக்கு வந்தது. பழைய பாக்கி. இந்த முறை அந்தப் பதில் தவறு. ஏப்ரல் 19 அன்று பாக்கி பூஜ்யமாகிவிட்டது. மே 1 அன்று பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் அதற்குப் பிறகு ஆன செலவு. ஒருமுறை சரியாக இருந்த விளக்கமே அடுத்த ஆறு வாரங்களுக்குக் கண்ணை மறைத்துவிட்டது. இந்த வகைக் கணக்குகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. நிறுத்திய பிறகு வரம்பால் ஒரு தவணையோ, மாத முதல் தேதியில் ஒரு தவணையோ வருவது இயல்பு. அந்தப் பாக்கி தீர்ந்த பின்னும் இன்னொரு தவணை வந்தால் அதைப் பழைய பாக்கி என்று சொல்ல முடியாது. எங்கோ ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் யாருக்கும் உறைக்கவில்லை

மே 19 அன்று மீண்டும் ₹5,000, ஜூன் 1 அன்று ₹3,390. இத்தனை நடந்தும் மையத்தில் யாரும் விழித்துக்கொள்ளாததற்குக் காரணம் கார்டு. அது உரிமையாளரின் அண்ணன் பெயரில் இருந்தது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தொடர் கட்டணத்துக்கு ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் ₹15,000 வரையிலான ஒவ்வொரு தவணையும் ஓ.டி.பி. இல்லாமலே போகும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. தகவல் வந்திருக்கிறது, அண்ணனின் கைபேசிக்கு. அவர் அதை மையத்தின் வழக்கமான செலவு என்று எடுத்துக்கொண்டார். ஜூன் முதல் வாரத்தில், "முகாம் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு விளம்பரம் கொடுக்கிறாய்?" என்று அவர் தம்பியைக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அண்ணனின் யோசனை கார்டை முடக்கிவிடலாம் என்பது. நான் வேண்டாம் என்றேன். கார்டை முடக்கினாலும், வங்கியில் ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலும் நிற்பது பணம் எடுப்பதுதான். கட்டணம் தோல்வியடைந்த பிறகு கூகுள் விளம்பரங்களை நிறுத்தும் என்றாலும், அதுவரை ஓடியதற்கான பாக்கி கணக்கில் கடனாக நிற்கும். அந்தக் கட்டணத்தை மறுத்து வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற முயன்றால் கணக்கே இடைநிறுத்தப்படலாம். அடுத்த ஏப்ரலில் இதே கணக்கு இவர்களுக்குத் தேவை.

உரிமையாளருக்கு வேறொரு நம்பிக்கை இருந்தது. முகாமுக்கென்று இணையதளத்தில் போட்டிருந்த பக்கத்தை ஏப்ரல் கடைசியில் எடுத்துவிட்டார். பக்கமே இல்லாதபோது விளம்பரம் எங்கே போகும் என்பது அவர் வாதம். பக்கம் திறக்கவில்லை என்பதைக் கூகுள் சோதித்துக் கண்டுபிடித்தால் விளம்பரம் நிராகரிக்கப்படும் என்பது சரி. ஆனால் கண்டுபிடிக்கும் வரை வரும் கிளிக்குகளுக்குப் பணம் உண்டு. இங்கேயோ பணத்தைத் தின்றுகொண்டிருந்தது அந்தப் பக்கத்துக்குப் போகும் விளம்பரமே அல்ல.

எது ஓடியது

தேடலைக் கார்டு அறிக்கையிலிருந்து தொடங்கினேன். கூகுள் விளம்பரக் கட்டணம் அறிக்கையில் `GOOGLE*ADS` என்ற எழுத்துகளோடும் அதைத் தொடர்ந்து பத்து இலக்க எண்ணோடும் வரும். அந்த எண் விளம்பரக் கணக்கின் வாடிக்கையாளர் எண். கணக்குக்குள் நுழைந்தால் திரையின் மேற்புறத்தில் இடைக்கோடுகளோடு அதே எண் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தன. இந்தச் சோதனையை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. எண்கள் வேறாக இருந்தால் பணம் வேறொரு கணக்குக்குப் போகிறது என்று பொருள்; இந்தக் கணக்கை எவ்வளவு அலசினாலும் ஒன்றும் கிடைக்காது. முன்பு வேலை பார்த்தவர் தன் மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில் இந்தக் கார்டைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். அப்போது அவரைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை.

கணக்கு ஒன்றே என்றான பிறகு, கேம்பெயின் பட்டியலைத் திறந்தேன். ஒரு கணக்கில் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு விளம்பர அமைப்பும் ஒரு கேம்பெயின். இளைஞரின் உலாவியில் அது ஒரே ஒரு கேம்பெயினோடு திறந்தது. முகாமுக்கான தேடல் விளம்பரம், பெயருக்கு அருகே `Paused` குறி. இந்தத் திரையில் ஒரு கேம்பெயினைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதன்பின் காட்டப்படும் எல்லா எண்களும் அதற்கு மட்டுமே உரியவை. அவர் அந்தத் திரையின் இணைய முகவரியையே சேமித்து வைத்துத் தினமும் திறந்து பார்த்திருக்கிறார். மேலே உள்ள தேர்வை எல்லாக் கேம்பெயின்களுக்கும் மாற்றி, நிலை வடிகட்டியையும் நீக்கியதும் இரண்டாவது வரி வந்தது. பெயர் `Campaign #1`. பச்சைப் புள்ளி. நாள் பட்ஜெட் ₹300.

அந்தப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. யாரும் யோசித்து வைத்த பெயர் அல்ல. புதிதாகக் கணக்கு தொடங்கும்போது கூகுள் தன் வழிகாட்டித் திரைகளிலேயே ஒரு கேம்பெயினை உருவாக்கச் சொல்கிறது: நிறுவனத்தின் பெயர், இணையதளம், சுற்றுவட்டாரம், ஒரு பட்ஜெட். இளைஞர் அவற்றை நிரப்பிக்கொண்டே போய், கார்டையும் சேர்த்து, கணக்குத் திறந்ததும் தான் விரும்பியபடி முகாமுக்குத் தனிக் கேம்பெயின் அமைத்தார். முதலில் நிரப்பியது வெறும் பதிவுச் சடங்கு என்பது அவர் எண்ணம். அது முழுமையான ஒரு விளம்பரம். ஏப்ரல் 1 முதலே ஓடிக்கொண்டிருந்தது. அது கொண்டுபோய் விட்ட இடம் மையத்தின் முகப்புப் பக்கம். அந்தப் பக்கத்தை யாரும் எடுக்கவில்லை.

ஊகம் போதாது என்பதற்காக, தேதியை ஏப்ரல் 1 முதல் ஜூன் 3 வரை வைத்து, `Segment` பட்டியலில் நாள் வாரியாகப் பிரித்துச் செலவுப் பத்தியைப் பார்த்தேன். முகாம் கேம்பெயினின் செலவு ஏப்ரல் 18 வரை இருக்கிறது. 19 முதல் எல்லாம் பூஜ்யம். `Change history` பக்கத்திலும் அன்றிரவு இளைஞரின் மின்னஞ்சலிலிருந்து அது நிறுத்தப்பட்டது பதிவாகியிருந்தது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. இரண்டாவது வரியில் ஏப்ரல் 19 முதல் 30 வரை ₹2,890, மே மாதத்தில் ₹8,390, ஜூனின் மூன்று நாட்களில் ₹740. கூட்டினால் ₹12,020. இதுதான் வேலை முடிந்த பிறகு ஆன செலவு. பிடிக்கப்பட்ட ₹16,030 என்ற எண்ணோடு இது பொருந்தாதது போலத் தெரியும். அதில் பழைய பாக்கி ₹4,750 கலந்திருக்கிறது, ஜூன் மாதத்து ₹740 இன்னும் பிடிக்கப்படவில்லை. இரண்டையும் சரிக்கட்டினால் கணக்கு ரூபாய் பிசகாமல் நேராகிறது.

ஐந்நூறு என்றால் ஐந்நூறு அல்ல

இடையில் உரிமையாளர் எழுப்பிய இன்னொரு புகாரையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது நியாயமாகத் தோன்றும். முகாம் கேம்பெயின் பதினெட்டு நாட்கள் ஓடியது. நாளுக்கு ₹500 என்றால் ₹9,000. ஆனால் செலவு ₹10,460. ஒரு நாளில் ₹930 வரை போயிருக்கிறது.

கூகுளில் நாள் பட்ஜெட் என்பது சராசரி. தேடுவோர் அதிகமுள்ள நாளில் அதைப்போல இரண்டு மடங்கு வரை செலவாகலாம், குறைவான நாளில் குறையும். மாதத்துக்கான உச்சவரம்பு, நாள் பட்ஜெட்டை 30.4 ஆல் பெருக்கி வரும் தொகை. இங்கே ₹15,200. அதைத் தாண்டி விளம்பரம் ஓடினால் தாண்டிய தொகையைக் கூகுள் வசூலிக்காது. மாதம் முழுவதும் ஓடவிட்டால் கூடுதலும் குறைவும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். நடுவில் நிறுத்துகிறவருக்கு அந்த ஈடு கிடைப்பதில்லை. அதிகம் செலவான நாட்கள் அவர் பக்கம் வந்துவிட்டன, குறையவேண்டிய நாட்கள் வரவே இல்லை. ₹10,460 என்பது ₹15,200க்குள் இருப்பதால் திரும்பக் கேட்க இடமில்லை. `Campaign #1` மே மாதத்தில் செலவழித்த ₹8,390கூட அதற்குரிய ₹9,120க்குள்தான் இருக்கிறது.

செல்லாத கிளிக்குகள் என்று கூகுளே கழித்த ₹90 மட்டும் திருத்தத் தொகையாக வரவு வைக்கப்பட்டிருந்தது. மற்றபடி, ஓடச் சொன்ன விளம்பரம் ஓடியது. அதை உண்மையான மனிதர்கள் அழுத்தினார்கள். அதை நாங்கள் விரும்பி ஓட்டவில்லை என்பது பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான காரணம் ஆகாது.

அந்தப் பணம் முழுவதும் வீண் என்றும் என்னால் சொல்ல முடியாது. தேடல் சொற்களைப் பார்த்தால் மே மாதத்திலும் பாதிக்குமேல் கோடை முகாம் தொடர்பானவை. சுற்றுவட்டாரத்தை அகலமாக வைத்திருந்ததால் புதுச்சேரியில் நீச்சல் வகுப்பு தேடியவர்கள்கூட வந்திருக்கிறார்கள். மையத்தில் நீச்சலே இல்லை. அதே நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு டியூஷன் தேடி மஞ்சக்குப்பத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களில் யாராவது ஜூனில் சேர்ந்தார்களா என்று மையத்தில் யாரும் குறித்து வைக்கவில்லை.

நிறுத்திய முறை

`Campaign #1` அமைப்பை இடைநிறுத்தாமல் நீக்கவே சொன்னேன். நீக்கிய கேம்பெயினை மீண்டும் உயிர்ப்பிக்க முடியாது; பழைய செலவு விவரங்கள் மட்டும் பார்வைக்கு இருக்கும். யாரும் விரும்பி அமைக்காத ஒன்றுக்கு அதுவே சரி. முகாம் கேம்பெயின் அப்படியே நிறுத்தத்தில் இருக்கட்டும், அடுத்த ஆண்டு உதவும். மறுபடியும் விளம்பரமே வேண்டாம் என்பவர்கள் கணக்கையே ரத்து செய்யலாம். அப்போதும் இறுதிப் பாக்கியைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

அதன்பின் இரண்டு இடங்களைத் துழாவினேன். ஒன்று, தானியங்கி விதிகள். திங்கள்தோறும் கேம்பெயினை இயக்கு, வெள்ளிதோறும் நிறுத்து என்று யாராவது விதி எழுதி மறந்திருந்தால், கையால் நிறுத்தியது அடுத்த திங்களே எழுந்து உட்கார்ந்துவிடும். இங்கே விதி எதுவும் இல்லை. மற்றொன்று, பகிர்ந்த பட்ஜெட். இரண்டு கேம்பெயின்கள் ஒரே பட்ஜெட்டைப் பகிர்ந்திருந்தால் ஒன்றை நிறுத்துவதால் செலவு குறையாமலே போகலாம். மிச்சமிருப்பது முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளும். இங்கே தனித்தனி பட்ஜெட்டுகள்.

நிறுத்தியதும் செலவுப் பத்தி உடனே நிலைத்துவிடாது. ஏற்கெனவே நடந்த கிளிக்குகள் சில மணி நேரம் தாமதமாகக் கணக்கில் ஏறும். அதனால் அன்றே எதையும் முடிவு செய்யாமல் ஜூன் 4, 5 இரண்டு நாட்களின் செலவையும் பார்த்தோம். இரண்டும் பூஜ்யம். நின்ற பாக்கியை ஜூலை 1 வரை காத்திருக்காமல் அன்றே கட்டச் சொன்னேன். ₹90 வரவு போக ₹650. வட்டி மிச்சம் என்று இல்லை; பாக்கியைப் பூஜ்யமாக்கிவிட்டால் அடுத்த மாதம் `GOOGLE*ADS` என்று ஒரு வரி வந்தாலும் அது புதிய செலவுதான் என்று அண்ணனுக்கே தெரிந்துவிடும். பழைய பாக்கி என்ற பதிலுக்கு இனி இடமில்லை.

அடுத்த ஏப்ரலுக்கு இளைஞர் சொன்ன திட்டம், கேம்பெயின் அமைக்கும்போதே முடிவுத் தேதி போட்டுவிடுவது. நல்லதுதான். அந்தத் தேதியின் இறுதியில் விளம்பரம் தானாக நின்றுவிடும். போடாவிட்டால் கேம்பெயினுக்கு முடிவே இல்லை. ஆனால் இந்த வழக்கில் முடிவுத் தேதி உதவியிருக்காது. அவர் அதை முகாம் கேம்பெயினுக்குப் போட்டிருப்பார். இருப்பதே தெரியாத ஒன்றுக்கு யார் தேதி போடுவது? என் விருப்பம் முன்பணம் கட்டும் முறை. கணக்கில் போட்ட தொகை தீர்ந்ததும் தெரிந்த கேம்பெயின், தெரியாத கேம்பெயின் எல்லாமே நின்றுவிடும். எல்லாக் கணக்கிலும் நடுவில் இதற்கு மாற முடியாது. தொடங்கும்போதே தேர்ந்தெடுப்பது எளிது. உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. முகாம் சேர்க்கை சூடுபிடித்திருக்கும் வாரத்தில் பணம் தீர்ந்து விளம்பரம் நின்றுபோனால் என்ன செய்வது என்கிறார். அதுவும் நடக்கக்கூடியதே. கடைசியில் பழைய முறையே தொடரட்டும், கார்டை மட்டும் அவர் பெயருக்கு மாற்றலாம் என்று முடிவானது.

பணத்தைப் பொறுத்தவரை, "தம்பி, நீ வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் பன்னிரண்டாயிரம் பன்னிரண்டாயிரம்தான்" என்றார் உரிமையாளர். அடுத்த ஆண்டு முகாம் விளம்பரத்தைக் கூலி வாங்காமல் பார்த்துத் தருவதாக இளைஞர் ஒப்புக்கொண்டார்.

அன்று மாலையே அவர் தன் பொறுப்பில் இருந்த மற்றக் கணக்குகளையும் திறந்து பார்த்திருக்கிறார். பண்ருட்டியில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்கிலும் `Campaign #1` ஓடிக்கொண்டிருந்தது, நாளுக்கு ₹200. பதறிப்போய்க் கடைக்காரரிடம் சொன்னால், தினமும் கடைக்கு நாலைந்து போன் வருகிறதே, அதை ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்டாராம்.